பேச்சாளருக்கு ஷீல்டு வேண்டாம் என்றால் வேறென்ன கொடுப்பது?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவுக்கு வெளியூரிலிருந்து பேச்சாளர்கள் வருகிறார்கள். ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எங்களால் செலவழிக்க முடியாது. கண்ணாடி ஷீல்டு கொடுக்கவும் மனமில்லை. என்ன கொடுக்கலாம்? மேடையில் சொதப்பாமல் கொடுப்பது எப்படி?

பதில்:

ஐந்நூறு ரூபாய் தாராளம். கடைக்குப் போவதற்கு முன்னால் அழைப்பிதழைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று பாருங்கள். பொருள் அந்தத் தலைப்பிலிருந்து வர வேண்டும், உங்கள் ஊரில் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்துவிட்டால் விலையைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள்.

கொடுமுடிப் பக்கத்தில் நாங்கள் நடத்திய ஒரு கூட்டத்தில் காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றிப் பேசச் சென்னையிலிருந்து ஒருவரை அழைத்திருந்தோம். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் அது. பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் அணையில் பிரிந்து, வளைந்து வளைந்து ஈரோட்டைக் கடந்து வந்து, கடைசியில் நொய்யலில் சேர்கிறது. வழி நெடுக அதன் பாசனத்தில் நெல்லும் வாழையும் கரும்பும் மஞ்சளும் விளைகின்றன. அவருக்கு நாங்கள் கொடுத்தது அரைக் கிலோ விரலி மஞ்சள், அவ்வளவுதான். ஆனால் அது அந்த வாய்க்கால் தண்ணீரிலேயே விளைந்தது.

மஞ்சள் கொடுப்பதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். பச்சை மஞ்சள் வேண்டாம்; பையில் நாலு நாள் கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். வேகவைத்துக் காயவைத்து மெருகேற்றியதை வாங்குங்கள். ஒரு விரலியை ஒடித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்தது ‘டக்’கென்று உலோகச் சத்தத்தோடு முறியும், உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் தெரியும். வளைந்துகொடுத்தால் ஈரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். விரலிகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும்படி பொறுக்கி, முதலில் தடித்த காகித உறையில் போட்டு, அதன் பிறகு கைத்தறித் துணிப்பையில் வையுங்கள். உறை இல்லாவிட்டால் மஞ்சள் பையிலும் ஏறும், அவருடைய வெள்ளைச் சட்டையிலும் ஏறும்.

பையில் ஓர் அட்டையைக் கட்டுங்கள். முதல் வரியில் பேச்சாளரின் பெயர், அவர் எழுதும் வழக்கப்படியே, முன்னெழுத்து உட்பட. அவரிடமே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. அடுத்து உரையின் தலைப்பு, அதற்கடுத்து ஊரும் தேதியும். உங்கள் அமைப்பின் பெயர் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருந்தால் போதும். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் வேண்டவே வேண்டாம். அந்தப் பெயர்கள் நிறைந்த ஷீல்டுகள்தாம் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அட்டையைக் கையால் எழுதுங்கள், நல்ல கையெழுத்து உள்ள ஒரு பிள்ளை உங்கள் ஊரில் நிச்சயம் இருக்கும்.

மற்ற பேச்சாளர்களுக்கும் மஞ்சளையே கொடுக்காதீர்கள். நெசவைப் பற்றியோ தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றியோ பேசுகிறவருக்கு ஒருவர் உட்காரும் அளவில் சிறிய பவானி ஜமக்காளம் பொருத்தமாக இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற, கைத்தறிக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட பொருள் அது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய போலிகள் சந்தையில் உண்டு, அதனால் பவானியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குவது பாதுகாப்பு. சிறிய அளவு எப்போதும் இருப்பில் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ரயிலில் வந்தவருக்குப் பெரிய ஜமக்காளம் சுமைதான், மடித்தால் தோள்பைக்குள் போக வேண்டும்.

இனி மேடை. யார் கொடுப்பது என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. நன்கொடையாளரையோ ஊர்ப் பிரமுகரையோ கூப்பிட்டுவிடுகிறார்கள். பொருளோடு தொடர்புள்ளவர் கொடுத்தால் அதற்கு வேறு கனம் வருகிறது. எங்கள் கூட்டத்தில் அந்த மஞ்சளை விளைவித்த தோட்டக்காரர்தான் கொடுத்தார். தொகுப்பாளர் சொன்னது இரண்டே வரி: “இது காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீரில் விளைந்த மஞ்சள். விளைவித்தவரே ஐயாவுக்குக் கொடுக்கிறார்.” சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டார். கைமாறும்போது மைக்கில் வாழ்க்கைக் குறிப்பு வாசித்துக்கொண்டிருந்தால் யாரும் எதையும் பார்ப்பதில்லை. தோட்டக்காரர் தாமாகவே, “உங்கள் பேச்சைக் கேட்ட பிறகு வாய்க்கால் மேல் இன்னும் மரியாதை வந்துவிட்டதுங்க” என்று மெல்லச் சொன்னார். அது மைக்கில் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை.

எப்போது கொடுப்பது? அவர் பேசி முடித்துக் கைதட்டல் ஓயும் நேரத்தில். எல்லாருக்கும் சேர்த்துக் கடைசியில் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ்ஸைப் பிடிக்க ஈரோட்டுக்குக் கிளம்ப வேண்டியவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பைகளும் மாறிப்போகும்.

பொருளை வண்ணக் காகிதத்தில் சுற்றாதீர்கள். சுற்றினால் சபைக்குத் தெரிவது காகிதம் மட்டுமே. மேடையோரத்தில் ஒரு மேசை, அதில் தாம்பாளம், பக்கத்தில் ஒரு தன்னார்வலர். பெயரை அறிவிக்கும்போதே அவர் பின்பக்கமாக வந்து கொடுப்பவர் கையில் பொருளைத் தருவார். கொடுப்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நின்றால் சபைக்கு இரண்டு முதுகுகள்தாம் தெரியும். இருவரும் பாதி சபையைப் பார்த்துத் திரும்பி, அட்டை எழுத்து வெளியே தெரியும்படி இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். மூன்று எண்ணும் நேரம் அப்படியே நின்றால் புகைப்படக்காரருக்குப் போதும். அவர் மேடைக்குக் கீழே நடுவில் நிற்கட்டும். மேடையேறி நடுவே நுழைந்து “ஐயா, இன்னொரு முறை கொடுங்கள்” என்று கேட்கக் கூடாது என முன்பே சொல்லிவிடுங்கள்.

படம் எடுத்த உடனே தன்னார்வலர் பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாவம், பேச்சாளர் பையை மடியில் வைத்துக்கொண்டு விழா முடியும்வரை உட்கார்ந்திருப்பார். வாங்கிய பொருளை நேராக அவர் போகும் காரில் வையுங்கள். நாற்காலிக்கு அடியில் வைத்தால் அங்கேயே மறந்துவிட்டுப் போவார்கள்.

பொன்னாடை உங்கள் வழக்கமென்றால் அதை வரவேற்புரையின்போதே முடித்துவிடுங்கள், பரிசோடு சேர்க்காதீர்கள். பெண் பேச்சாளருக்கு ஒரு பெண் போர்த்தட்டும், அல்லது மடித்தபடியே கையில் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். நினைவுப் பரிசு கொடுத்தோம் என்பதற்காகப் பயணச் செலவைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் பணமும் மதிப்பூதியமும் தனி. அந்த உறையை மேடையில் நீட்டாமல், பேச்சுக்கு முன்பே அவர் தேநீர் குடிக்கும் அறையில் கொடுத்து, ரசீதில் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.