மரநாய் காபி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

சென்ற முறை காபி வறுப்பதைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, வறுப்பதைப் பற்றியே இல்லை. ‘அந்தக் காபி’யைப் பற்றித்தான். சரி, ஒரேயடியாகப் பதில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பூனை மலத்திலிருந்து எடுக்கும் காபிதானே உலகத்திலேயே உயர்ந்தது? (சேலம்)

பூனை இல்லை, மரநாய். உயர்ந்தது இல்லை, விலை அதிகமானது. நம்மூர் ஓட்டு வீட்டுப் பரணில் ராத்திரி தடதடவென்று ஓடுமே, பனைமரத்தில் ஏறிக் கள் கலயத்தில் வாய் வைக்குமே, அதே மரநாய்தான். இந்தோனேசியாவில் அதற்கு லூவாக் என்று பெயர். கோப்பி லூவாக் என்றால் மரநாய் காபி, அவ்வளவுதான்.

மலத்தில் கிடக்கும் கொட்டை எப்படிக் கெடாமல் இருக்கிறது? இது முதலில் யாருக்குத் தோன்றியது? (தஞ்சாவூர்)

மரநாய் பழத்தின் சதைக்காகத்தான் சாப்பிடுகிறது. சதை செரித்துவிடும், கொட்டை செரிக்காது. கொட்டையைச் சுற்றி பார்ச்மென்ட் என்கிற கெட்டியான தொலி இருக்கிறது அல்லவா, அதோடு சேர்ந்தே ஏறக்குறைய ஒரு நாளுக்குள் வெளியே வந்துவிடும். கடலை மிட்டாய் போல ஒட்டிக்கொண்டு கிடக்கும் அந்த எச்சத்தைப் பொறுக்கி, பல தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, தொலியை உடைத்து நீக்கினால் பச்சைக் கொட்டை. அதற்குப் பிறகு எல்லாக் காபியும் போலத்தான்.

தோன்றிய கதை சுவையானது இல்லை. 1830-இல் ஜாவாவில் டச்சுக்காரர்கள் கட்டாயச் சாகுபடியைக் கொண்டுவந்தார்கள். பயிரிட்டவர்கள் தங்களுக்கென்று பழம் பறிக்கக்கூடாது. ஆனால் தோட்டத்தில் மரநாய் போட்டுவிட்டுப் போனதை யாரும் கணக்குக் கேட்கவில்லை. அதைக் கழுவி வறுத்துக் குடித்தார்கள் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. காபி விளைவித்தவனுக்கே காபி கிடைக்காத காலத்துப் பானம் இது. இன்றைக்குப் பரிசுப் பெட்டியில் வருகிறது.

சுத்தமானதா? (மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்)

சுத்தம்தான். தொலி, கழுவல், 200 டிகிரிக்கு மேல் வறுப்பு என்று மூன்று தடுப்பு இருக்கிறது. இந்தோனேசிய உலமா சபை 2010-இல், கொட்டை தொலியோடு முழுசாக இருந்து, மறுபடி நட்டால் முளைக்கும் நிலையில் இருந்தால், கழுவிய பிறகு அது ஹலால் என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சுத்தத்தைப் பற்றிக் கேட்கும் நீங்கள் கூண்டைப் பற்றிக் கேட்பதில்லை. அதுதான் என் வருத்தம். கீழே அதற்கு வருகிறேன்.

உண்மையிலேயே ருசி கூடுமா, இல்லை எல்லாம் மனப்பிரமையா? (மதுரை)

நல்ல கேள்வி. ஏதோ ஒரு மாற்றம் நடக்கிறது, அது மனப்பிரமை இல்லை. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் மாசிமோ மார்கோனே 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மரநாய் வயிற்றில் போய்வந்த கொட்டையின் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் விழுந்திருந்ததைப் பார்த்தார். செரிமான நொதிகள் உள்ளே போய்ப் புரதத்தின் ஒரு பகுதியை உடைத்திருந்தன. வறுக்கும்போது கசப்பு உண்டாவதில் புரதத்துக்குப் பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் காபியைக் குடித்தவர்கள் ‘வழவழவென்று இறங்குகிறது, கசக்கவில்லை’ என்கிறார்கள்.

கசப்பு குறைவது வேறு, ருசி கூடுவது வேறு. காபியைச் சுவைத்துத் தரம் பார்க்கும் கப்பிங் மேசையில் நாங்கள் தேடுவது நல்ல புளிப்பு, தெளிவான பழ வாசனை, வாயில் நிற்கும் கனம். மரநாய் காபி என்று என் முன் வைக்கப்பட்டவற்றில் பெரும்பாலும் இவை மழுங்கிப் போயிருந்தன. கசப்பு வேண்டாம் என்பவருக்கு அதில் பாதி விலைகூட இல்லாத, நன்றாகக் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவை இளம் வறுப்பில் வாங்கிக் கொடுத்தால் சந்தோஷமாகக் குடிப்பார்.

ருசிக்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. காட்டில் திரியும் மரநாய் நன்றாகப் பழுத்த பழமாகப் பார்த்துத்தான் தின்னும். கைகளால் பறிக்கும்போது பச்சைக்காயும் அரைப்பழமும் கலந்துவிடும், அதற்குக் கலக்காது. அதாவது, மேன்மை வயிற்றில் பாதி, மூக்கில் பாதி. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

பாலிக்குப் போனபோது ‘100 சதவீதம் காட்டு லூவாக்’ என்று அச்சிட்ட 100 கிராம் பாக்கெட் வாங்கினேன். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? (கோயம்புத்தூர்)

பார்க்க முடியாது. வாங்குவதற்கு முன்னால் எழுதியிருக்கலாம்.

கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அந்த இடங்களுக்குப் போயிருக்கிறேன். உங்கள் அனுபவம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்கிறேன், சரியா பாருங்கள். டிரைவரே ‘ஒரு காபித் தோட்டம் பார்க்கலாம்’ என்று திருப்பியிருப்பார். நடைபாதையில் கோகோ, ஏலக்காய், வெனிலாக் கொடி என்று காட்டியிருப்பார்கள். ஒரு கூண்டில் இரண்டு மரநாய் சுருண்டு படுத்திருக்கும். ‘இது சும்மா பார்வைக்கு, எங்கள் காபி காட்டிலிருந்து வருகிறது’ என்று சொல்லியிருப்பார்கள். அப்புறம் பலகையில் பத்துப் பன்னிரண்டு சின்னக் கோப்பைகள் இலவசம், இஞ்சி டீ, எலுமிச்சைப்புல் டீ, தேங்காய்க் காபி. லூவாக்குக்கு மட்டும் ஒரு கோப்பைக்கு ஐம்பதாயிரம் ரூபியா வாக்கில். கடைசியில் கடை.

காட்டு லூவாக் எப்படிச் சேரும் என்று கொஞ்சம் யோசியுங்கள். மரநாய் தனியாகத் திரிகிற, இரவில் மட்டும் வெளியே வருகிற விலங்கு. காபிப் பழம் மட்டுமே தின்னாது. மற்ற பழங்கள், பூச்சி, எலி எல்லாம் தின்னும். எங்கே போடும் என்றும் சொல்ல முடியாது. பழுக்கும் மாதங்களில் மட்டும், விடியற்காலையில் தோட்டம் முழுக்க நடந்து, மழை நனைக்கும் முன்னால் பொறுக்க வேண்டும். இப்படிச் சேர்வது கைப்பிடி கைப்பிடியாகத்தான். அப்புறம் பாலியின் ஒவ்வொரு சாலையோரக் கடையிலும், ஒவ்வொரு விமான நிலையத்திலும், வருஷம் முழுக்க அலமாரி நிறைய எப்படி இருக்கிறது?

கூண்டினால் இருக்கிறது. வேறு வழி இல்லை. காட்டில் பொறி வைத்துப் பிடித்து, கம்பிவலைத் தரை போட்ட சின்னக் கூண்டில் அடைத்து, காபிப் பழத்தையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தனியாக வாழும் விலங்கை அடுத்தடுத்து வைக்கிறார்கள். பகலில் தூங்குவதை உல்லாசப் பயணிகளின் செல்போன் வெளிச்சத்தில் எழுப்புகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு விலங்கு நல அமைப்பும் பாலியில் 16 இடங்களில் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான மரநாய்களைப் பார்த்து 2016-இல் எழுதினார்கள். அடிப்படை நலத் தேவைகளை முழுசாக நிறைவேற்றிய இடம் அதில் ஒன்றுகூட இல்லை. கூண்டுக்குள் ஒரே தடத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருப்பது, தன் காலையே கடித்துக்கொள்வது எல்லாம் நோய்க்குணம். ‘சுறுசுறுப்பாக இருக்கிறது பாருங்கள்’ என்று வழிகாட்டி சொன்னால் நம்பாதீர்கள்.

மேலே ருசிக்குச் சொன்ன காரணத்தை இப்போது எடுங்கள். கூண்டில் இருப்பதற்குத் தேர்வு ஏது? போட்டதைத் தின்ன வேண்டும், காயோ பழமோ. ஆகவே காட்டு மரநாயின் மூக்குக்காக நீங்கள் கொடுத்த காசு, மூக்குக்கு வேலையே இல்லாத ஒரு விலங்கின் காபிக்குப் போயிருக்கிறது.

இதில் எனக்குத் தனிக் கடுப்பு உண்டு. 1991-இல் டோனி வைல்ட் என்ற ஆங்கிலேய காபி வர்த்தகர் ஒரே ஒரு கிலோவைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். விளம்பரம் பற்றிக்கொண்டது. இருபது வருஷம் கழித்து, 2013-இல், அவரே இதை விற்காதீர்கள் என்று பிரச்சாரம் செய்ய இறங்கினார். அதே வருஷம் பிபிசி நிருபர்கள் மறைமுகமாகப் போய், கூண்டு மரநாயின் காபியைக் காட்டுக் காபி என்று விற்பதைப் படம் பிடித்தார்கள். இன்றைக்கும் அட்டையில் அதே ‘காட்டு’ முத்திரை.

பரிசோதனைக்கூடத்தில் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் போன்றவற்றின் அளவை வைத்து மரநாய் காபியைச் சாதாரணக் காபியிலிருந்து பிரித்தார்கள். பாதிக்குப் பாதி கலந்திருந்தாலும் தெரிந்தது. அந்தச் சோதனை வயிற்றைத்தான் சொல்லும், கூண்டைச் சொல்லாது. மறுபடியும் சொல்கிறேன், ‘அசலா’ என்று கேட்காதீர்கள், ‘கூண்டு உண்டா’ என்று கேளுங்கள்.

உங்கள் பாக்கெட்டில் எந்தத் தோட்டம், அராபிகாவா ரோபஸ்டாவா, எந்த வருஷத்து அறுவடை, எப்போது வறுத்தது என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? முந்நூறு ரூபாய்க் காபியிலேயே நான் தேதி பார்ப்பவன்.

குடகில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. மரநாய் வளர்த்து இந்தத் தொழில் ஆரம்பிக்கலாமா? எவ்வளவு முதல் வேண்டும்? (பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

முதல் வேண்டாம், வக்கீல் வேண்டும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மரநாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடித்தாலே குற்றம்.

தோட்டத்தில் தானாக வந்துபோவது போட்டதைப் பொறுக்குவது வேறு கதை. குடகில் சிலர் அப்படிச் சேகரித்து விற்கிறார்கள். கேரள மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடகு ரோபஸ்டாவில் இப்படிக் கிடைத்த கொட்டையைச் சோதித்து 2025-இல் வெளியிட்டார்கள். கொழுப்பு கூடுதல், பால் வாசனை தரக்கூடிய இரண்டு கொழுப்பமிலச் சேர்மங்களும் கூடுதல், காஃபீனில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்திரிகைகள் உடனே ‘ருசி நிரூபணம்’ என்று போட்டுவிட்டன. அவர்கள் சோதித்தது வறுக்காத பச்சைக் கொட்டை. வறுத்தால் என்ன ஆகும் என்பது அதில் இல்லை.

யானைக் காபியும் இப்படித்தானா? (சென்னை)

தாய்லாந்தில் செய்கிறார்கள். ஒரு கிலோ காபிக்கு யானைக்குச் சுமார் 33 கிலோ பழம் கொடுக்க வேண்டும், சாதாரணமாக ஐந்தாறு கிலோ போதும். மீதியை யானை மென்று தீர்த்துவிடும், அல்லது சாணத்தில் தேடிக் கிடைக்காது. பிரேசிலில் ஜாகு என்ற காட்டுப் பறவை எச்சத்தில் எடுப்பது உண்டு. அது சுதந்திரமாகத் தோட்டத்துக்கு வந்து போகிற பறவை. மனசு ஒப்பவில்லை, ஆனாலும் ஒருமுறை குடித்துப் பார்த்தே தீருவேன் என்பவருக்கு நான் கைகாட்டுவது அந்தப் பறவையைத்தான்.

லூவாக் பொடியில் சிக்கரி கலந்து ஃபில்டரில் போடலாமா? எவ்வளவு விகிதம்? (திருநெல்வேலி)

சிக்கரி, சர்க்கரை, கொதிக்கும் பால் மூன்றும் சேர்ந்த பிறகு, அது மரநாயா மாட்டுத்தொழுவமா என்று யாருக்கும் தெரியாது. எழுபதுக்கு முப்பது பீபரி-சிக்கரி உங்கள் தெருக்கடையிலேயே அரைத்துத் தருவார்கள், காலையில் வாங்குங்கள்.