ஆயுட்கால சந்தா: வருமானமா, மூலதனமா?

"திருகோணமலையில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர் நான். இந்த வருடம் 20 பேர் தலா 15,000 ரூபா ஆயுட்கால சந்தா கட்டினார்கள். நுழைவுக் கட்டணம் 12,000. காலமான உறுப்பினர் ஒருவர் உயிலில் எழுதிய 5 இலட்சமும் வந்தது. எல்லாம் வருமானம்தானே?"

இல்லை. நுழைவுக் கட்டணம் மட்டும் வருமானம் என்று வைக்கலாம். வருடாவருடம் புது ஆட்கள் சேர்கிறார்கள், தொகையும் சிறியது.

ஆயுட்கால சந்தாதான் சிக்கல். அந்த 20 பேரும் இனிமேல் சந்தா கட்டமாட்டார்கள், ஆனால் மைதானத்துக்கு வந்துகொண்டே இருப்பார்கள். 3 இலட்சத்தையும் இப்போதே வருமானமாக்கினால் பெரிய மிகை தெரியும். பொதுக்கூட்டத்தில் உடனே "சந்தாவைக் குறையுங்கள்" என்பார்கள். அடுத்த வருடம் பற்றாக்குறை வரும். அதனால் ஆயுட்கால சந்தா நிதியம் ஒன்றில் வரவு வையுங்கள். 10 வருடம் என்று குழு தீர்மானித்தால், வருடம் 30,000 வருமான செலவினக் கணக்குக்குப் போகும்; இந்த வருட ஐந்தொகையில் 2,70,000 மிஞ்சும். உறுப்பினர் இறக்கும்போது மட்டும் அவருடைய தொகையை மாற்றும் கழகங்களும் உண்டு. எந்த முறையானாலும் இடையில் மாற்றாதீர்கள்.

உயில் பணம் வருடாவருடம் வருவதல்ல, அதனால் நேரே கழகத்தின் மூலதனமான திரண்ட நிதியத்தில் சேருங்கள். ஆனால் உயிலை ஒருமுறை வாசியுங்கள்: "மண்டபம் கட்ட" என்றிருந்தால் அதற்குத் தனி நிதியம் வேண்டும்.