நாயகி காப்பித்தூளைப் பாராட்ட வேண்டுமா?

“எங்கள் இணையத் தொடருக்கு ஒரு காப்பித்தூள் நிறுவனம் பணம் தருகிறது. ஒவ்வொரு பகுதியிலும் நாயகி அந்தத் தூளின் பெயரைச் சொல்லிப் பாராட்ட வேண்டுமாம். ஒப்புக்கொள்ளலாமா?”

பணத்தை வாங்குங்கள், பாராட்டை வெட்டுங்கள். அது நிறுவனத்துக்கும் நல்லதுதான். இடைவேளை விளம்பரம் என்றால் பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். கதைக்குள் இருக்கும் டப்பாவைத் தள்ள முடியாது. தொடர் ஓடும் காலமெல்லாம் அதுவும் ஓடும். ஆனால் விற்கிறார்கள் என்று தெரிந்த கணமே பார்ப்பவர் உஷாராகிவிடுவார். இயல்பாகத் தெரிவதற்குத்தான் காசு.

தென் கொரியா 2010இல் கதைக்குள் பொருளைக் காட்டுவதைச் சட்டப்படி அனுமதித்தபோதே, பொருள் திரையில் கால் பங்குக்கு மேல் நிறையக் கூடாது, வாங்கச் சொல்லித் தூண்டக் கூடாது, நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. அப்படியும் சறுக்கல் உண்டு. 2021இல் ‘வின்சென்சோ’ என்ற கொரியத் தொடரில் சீன நிறுவனத்தின் உடனடி பிபிம்பாப் என்ற கலவைச் சோற்றை நாயகன் சாப்பிட்டார். கொரியர்களின் சொந்த உணவுக்குச் சீன டப்பாவா என்று கொதித்தார்கள். அந்தக் காட்சியை இணையப் பதிப்பிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. பொருள் அந்தப் பாத்திரத்தின் வீட்டில் இருக்கக்கூடியதா என்று முதலில் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் எத்தனை காட்சி, எத்தனை நொடி, பெயர்ச்சீட்டு கேமராவைப் பார்க்க வேண்டுமா என்பதை எழுதுங்கள். வசனம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நாயகி சண்டை போட்டுக்கொண்டே அந்த டப்பாவைத் திறந்து தூளை அள்ளிப் போடட்டும். பெயர் தானாகத் தெரியும். பணம் பெற்றதைத் தொடக்கத்தில் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.