கேமரா பதிவில் பார்த்ததை நேரில் பார்த்ததுபோல் எழுதலாமா?

கேள்வி: நான் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவு ஷிப்ட் பாதுகாப்பு அலுவலர். பகலில் வரவேற்பறையில் வைத்திருந்த ஒரு லேப்டாப் பை காணாமல் போயிருக்கிறது. மாலை 6 மணிக்கு நான் பணிக்கு வந்ததும், கேமரா பதிவைப் பார்த்து அறிக்கை எழுதும்படி மேற்பார்வையாளர் சொன்னார். “பகல் 2.12 மணிக்கு நீலச் சட்டை அணிந்த ஒருவர் உள்ளே வந்து, பையைத் திருடிக்கொண்டு வெளியேறினார்” என்று எழுதிக் கொடுத்தேன். “இதை நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதிவில் எல்லாம் தெளிவாகத்தானே இருக்கிறது? வேறு எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் வாக்கியத்தைப் படிப்பவர், பகல் 2.12 மணிக்கு நீங்கள் வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தீர்கள் என்றே எண்ணுவார். பதிவைப் பார்த்து எழுதியது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. நாளை யாராவது வருகைப் பதிவேட்டைப் புரட்டி, நீங்கள் பணிக்கு வந்ததே 6 மணிக்குத்தான் என்று காட்டினால், அறிக்கையில் உண்மையாக இருப்பவையும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகும். மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்தது உங்களுக்கு நல்லதே.

நீங்கள் நேரில் கண்டது ஒன்று உண்டு: கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒரு பதிவை ஓட்டிப் பார்த்தீர்கள். அதற்கு மட்டும்தான் நீங்கள் சாட்சி. ஆகவே அறிக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். யார் கேட்டுப் பார்த்தீர்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எங்கே, ரெக்கார்டரை இயக்கியது நீங்களா வேறொருவரா, உடன் யார் இருந்தார்கள், எந்தெந்தக் கேமரா, பதிவின் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பவை முதலில் வரட்டும். சம்பவத்தின்போது நீங்கள் பணியில் இல்லை என்பதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் செய்தவற்றை இறந்தகாலத்தில் எழுதுங்கள்: “பார்த்தேன்”, “குறித்துக்கொண்டேன்”. திரையில் இருப்பதை “வருவது தெரிகிறது”, “கையில் பை இருப்பது தெரிகிறது” என்று எழுதுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்தது நேரம். அறிக்கைகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான். 2.12 என்பது ரெக்கார்டர் காட்டிய நேரம். அது சரியான நேரம் என்று யார் சொன்னது? பல ரெக்கார்டர்களை ஒருமுறை அமைத்ததோடு சரி, பிறகு யாரும் தொடுவதில்லை. அவற்றின் கடிகாரம் நாளடைவில் முந்தும் அல்லது பிந்தும். பதிவைப் பார்க்க உட்கார்ந்ததும் முதல் வேலையாக, ரெக்கார்டரின் நேரலைத் திரையில் ஓடும் நேரத்தையும், நெட்வொர்க்கிலிருந்து தானாக நேரம் பெறும் ஒரு மொபைலின் நேரத்தையும் ஒரே கணத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டர் 18:40:10 என்றும், மொபைல் 18:46:40 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ரெக்கார்டர் 6 நிமிடம் 30 நொடி பின்தங்கியிருக்கிறது. பதிவில் 14:12:25 என்று தெரியும் நிகழ்வு உண்மையில் ஏறக்குறைய 14:18:55-க்கு நடந்திருக்கும். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றலாம். ஆனால் நீலச் சட்டை அணிந்த ஒரு பார்வையாளர் 2.13-க்குக் கையெழுத்திட்டு வெளியேறியதாக வாயில் பதிவேட்டில் இருந்தால்? உங்கள் 2.12-ஐப் படிப்பவர் நேராக அவரைத்தான் பிடிப்பார். கணக்கைத் திருத்திப் பார்த்தால், பதிவில் உள்ள நபர் உள்ளே வருவதற்குச் சுமார் ஆறு நிமிடம் முன்பே அந்தப் பார்வையாளர் போய்விட்டார்.

திருத்திய நேரத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். பிறகு பதிவைத் திறப்பவர் 14:18:55-இல் தேடுவார். அங்கே வேறு காட்சி ஓடும். ரெக்கார்டர் நேரத்தை அப்படியே எழுதி, வித்தியாசம் எவ்வளவு, அதை எப்போது எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பதை ஒருமுறை சொன்னால் போதும். ரெக்கார்டர் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சில கேமராக்கள் தங்கள் சொந்தக் கடிகார நேரத்தைப் படத்தின்மேல் பொறிக்கும். அப்போது ஒரே ரெக்கார்டரிலும் இரண்டு நேரங்கள் தென்படலாம்.

இப்போது “திருடினார்” என்பதற்கு வருவோம். பதிவை மறுபடி ஓட்டி, பை கையில் எடுக்கப்படும் கணம் தெரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கணம்தான் தெரியாது. ஒரு தூண் மறைக்கும், அல்லது அவர் முதுகைக் காட்டி நிற்பார். வெறுங்கையோடு தூணுக்குப் பின்னால் போகிறார், கறுப்பாகத் தெரியும் ஒரு பையோடு வெளியே வருகிறார். நடுவில் நடந்ததை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. எழுதும்போது நிரப்பியதும் பார்த்ததும் ஒன்றாகிவிடுகின்றன. எடுப்பதே தெளிவாகத் தெரிந்தாலும் “எடுப்பது தெரிகிறது” என்பதோடு நிறுத்துங்கள். அது யாருடைய பை, எடுக்க அவருக்கு அனுமதி இருந்ததா என்பதெல்லாம் கேமராவில் பதிவாவதில்லை. பதற்றமாக, கோபமாக, குடித்திருந்தார் போன்றவையும் அப்படித்தான். “மூன்று முறை திரும்பிப் பார்க்கிறார்” என்று எழுதினால் போதும். பதற்றமா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும். மெதுவாக ஓட்டிப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். தற்செயலான அசைவுகூட மெதுவாக ஓடும்போது திட்டமிட்டுச் செய்ததுபோலத் தோன்றும். எனவே இயல்பான வேகத்திலும் பார்த்துவிட்டு, எந்த வேகத்தில் எத்தனை முறை பார்த்தீர்கள் என்று குறிப்பிடுங்கள்.

நிறத்தை “நீலமாகத் தெரியும் சட்டை” என்றே எழுதுங்கள். விளக்கொளிக்கு ஏற்ப நிறம் மாறும். இரவில் அகச்சிவப்பு ஒளிக்கு மாறிய கேமராவில் நிறமே இருக்காது. சில கறுப்புத் துணிகள் வெளிறிய சாம்பலாகத் தெரியும். அப்படிப்பட்ட பதிவில் கறுப்பு, வெள்ளை என்று எழுதவே கூடாது.

பதிவில் உள்ள இடைவெளிகளை மறைக்கவும் வேண்டாம். அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி அமைத்த கேமராவில், நேரம் 14:13:02-இலிருந்து 14:13:19-க்குத் தாவலாம். அந்த 17 நொடியில் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் கொள்ள முடியாது. பதிவு இல்லை என்பது மட்டுமே நமக்குத் தெரியும். அதை அப்படியே எழுதுங்கள். ஏன் இல்லை என்று ஊகிப்பது கருவியைப் பராமரிப்பவரின் வேலை.

ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு ஆளைப் பின்தொடர்வதும் ஊகம்தான். வரவேற்பறைக் கேமராவில் மறைந்தவர் நடைவழிக் கேமராவில் “வருகிறார்” என்று எழுதும்போது, இருவரும் ஒருவரே என்ற முடிவை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள். ஒத்துப்போகும் அடையாளங்களைச் சொல்லுங்கள், முகம் தெரிகிறதா என்பதையும் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர் போலிருந்தால், எவ்வளவு காலமாகத் தெரியும், எதை வைத்து அடையாளம் கண்டீர்கள் என்பதை விவரணைக்குப் பிறகு தனிப் பத்தியில் எழுதுங்கள். உடன் இருந்த ஒருவர், “இது இன்னார்தான்” என்று சொல்லி நீங்களும் தலையாட்டியிருந்தால், அது அவர் சொன்னதாகவே அறிக்கையில் வர வேண்டும்.

இவற்றை எல்லாம் சேர்த்து எழுதினால் உங்கள் அறிக்கை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“12-ஆம் தேதி பகலில் நான் பணியில் இல்லை. அன்று மாலை 18:00 மணிக்குப் பணிக்கு வந்தேன். மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டதன்படி, கட்டுப்பாட்டு அறையில் 18:46 முதல் 19:25 வரை, வரவேற்பறைக் கேமரா 3, நடைவழிக் கேமரா 5 ஆகியவற்றின் பதிவுகளைப் பார்த்தேன். ரெக்கார்டரை நானே இயக்கினேன். உடன் யாரும் இல்லை. இரு பதிவுகளையும் இயல்பான வேகத்தில் இருமுறையும், மெதுவாக ஒருமுறையும் பார்த்தேன். பதிவுகளில் ஒலி இல்லை. 18:46:40-க்கு என் மொபைலோடு ஒப்பிட்டபோது ரெக்கார்டர் 6 நிமிடம் 30 நொடி பின்தங்கியிருந்தது. கீழே உள்ளவை ரெக்கார்டர் நேரங்கள்.

கேமரா 3: 14:12:25-க்கு, நீலமாகத் தெரியும் சட்டை அணிந்த ஒருவர் முன்வாயில் வழியாக வருவது தெரிகிறது. கைகளில் எதுவும் தெரியவில்லை. 14:12:48-க்குத் தூணுக்குப் பின்னால் செல்கிறார். பை வைத்திருந்ததாக வரவேற்பாளர் சொன்ன நாற்காலி தூணால் மறைக்கப்பட்டுள்ளது. 14:13:02-க்கும் 14:13:19-க்கும் இடையே பதிவு இல்லை. 14:13:21-க்கு அதே நிறச் சட்டை அணிந்த ஒருவர், கறுப்பாகத் தெரியும் பையுடன் தூணுக்குப் பின்னாலிருந்து வருகிறார். பை எடுக்கப்படுவது பதிவில் தெரியவில்லை.

கேமரா 5: 14:13:40-க்கு, அதே போன்ற சட்டையும் பையும் உள்ள ஒருவர் பின்வாயில் பக்கம் நடந்து செல்வது தெரிகிறது. எந்தக் கேமராவிலும் முகம் தெளிவாக இல்லை. அவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.”

தூணைத் தாண்டி வருபவரைக்கூட “அவர்” என்று எழுதாமல் “அதே நிறச் சட்டை அணிந்த ஒருவர்” என்று எழுதியதைக் கவனியுங்கள். இடையில் 17 நொடி பதிவு இல்லையே. வலம், இடம் என்று எழுதாமல் முன்வாயில், பின்வாயில் என்று எழுதியதும் காரணத்தோடுதான்: திரையின் இடப்பக்கம் அறையின் எந்தப் பக்கம் என்று படிப்பவருக்குத் தெரியாது.

சம்பவத்தின் ஒரு பகுதியை நேரில் பார்த்து, பிறகு பதிவையும் பார்க்கும் நிலை இன்னொரு நாள் உங்களுக்கு வரலாம். அப்போது, பதிவைப் போடுவதற்கு முன்பே நேரில் கண்டதை எழுதி நேரம் குறித்துக் கையெழுத்திட்டுவிடுங்கள். பதிவைப் பார்த்த பின், எது கண்ணால் கண்டது, எது திரையில் கண்டது என்று உங்களாலேயே பிரிக்க முடியாமல் போகும். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே விடுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றைத் திருத்தாதீர்கள்.

பதிவைப் பார்த்த அன்றே, அதைத் தனியே சேமிக்க எழுத்துமூலம் கேளுங்கள். வட்டு நிரம்பியதும் ரெக்கார்டர் பழைய பதிவின்மீது புதியதை எழுதிவிடும். பிறகு உங்கள் அறிக்கையைச் சரிபார்க்க எதுவும் மிஞ்சாது. சம்பவத்துக்குச் சில நிமிடம் முன்னிருந்து சில நிமிடம் பின்வரை, ரெக்கார்டரின் சொந்த வடிவத்திலேயே எடுத்துவைத்து, கோப்பின் பெயர், எடுத்தவர், ஒப்படைக்கப்பட்டவர் ஆகிய விவரங்களை அறிக்கையின் இறுதியில் சேர்த்துவிடுங்கள். திரையை மொபைலில் படம்பிடித்து வைத்திருந்தால் அது மூலப் பதிவுக்கு ஈடாகாது. குழுக்களில் பகிரவும் கூடாது.

திருப்பித் தந்த முதல் அறிக்கையைக் கிழித்துவிடாதீர்கள். எண்ணிட்ட பக்கமாக இருந்தால், எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, தேதியும் கையெழுத்தும் இட்டு, “பதிவைப் பார்த்து எழுதியது என்பது குறிப்பிடப்படவில்லை, திருத்திய அறிக்கை அடுத்த பக்கத்தில்” என்று எழுதி வையுங்கள்.