10.9-உம் 2.75-உம் கூட்டினால் வருமானமா? தங்கப் பத்திரக் கேள்விகள்

கேள்வி: 2015-இல் வந்த முதல் தங்கப் பத்திரத்தில் 10 கிராம் வாங்கி, முதிர்வு வரை வைத்திருந்தேன். தங்கம் ஆண்டுக்கு 10.9% ஏறியது, வட்டி 2.75%. ஆக 13.65% கிடைத்திருக்கிறது, சரிதானே?

கிராம் 2,684 ரூபாய்க்கு வாங்கியது, 2023 நவம்பர் 30 அன்று 6,132 ரூபாய்க்கு முதிர்ந்தது. எட்டு ஆண்டுக் கூட்டு வளர்ச்சி 10.9% என்பது சரி. அதன் தலையில் 2.75-ஐ ஏற்றுவதுதான் தப்பு. தங்கம் எவ்வளவு ஏறினாலும், வட்டி நீங்கள் முதலில் போட்ட 26,840 ரூபாய்க்குத்தான். வருஷத்துக்கு 738 ரூபாய், அவ்வளவுதான். முதல் வருஷம் அது 2.75%. முதிர்வில் உங்கள் பத்திரத்தின் மதிப்பு 61,320 ரூபாய். அதோடு ஒப்பிட்டால் அதே 738 வெறும் 1.2%. தேதிவாரியாகக் கணக்குப் போட்டால் உண்மையான வருமானம் சுமார் 12.9%.

கேள்வி: அந்த 12.9-ஐ நானே எப்படிப் போட்டுப் பார்ப்பது?

எக்செல் போதும். A பத்தியில் தேதிகள், B பத்தியில் தொகைகள். முதல் வரியில் -26840. கையை விட்டுப் போன பணம், மைனஸ் கட்டாயம். அடுத்த 15 வரிகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்த வட்டி 369.05. கடைசி வரியில் முதிர்வுத் தொகையும் கடைசி வட்டியும் சேர்த்து 61689.05. பிறகு:

```
=XIRR(B1:B17,A1:A17)
```

மைனஸை மறந்தால் `#NUM!` என்று வரும். பலரும் சறுக்குவது இங்கேதான். தேதி எழுத்தாகப் பதிந்திருந்தால் `#VALUE!` வரும்.

கேள்வி: வரி போக எவ்வளவு தேறும்?

முதிர்வில் வந்த விலை லாபத்துக்கு உங்களுக்கு வரி இல்லை. வட்டிக்கு உண்டு, அது மற்ற வருமானத்தோடு சேர்ந்துவிடும். 30% வரம்பில் இருப்பவர் 369.05-க்குப் பதில் 258.34 போட்டுப் பார்க்கட்டும், 12.3% வரும். வட்டிக்கு டிடிஎஸ் பிடிப்பதில்லை என்பதால் பலர் அதைக் கணக்கிலேயே காட்டுவதில்லை. பிடிக்காததால் வரி இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: புது வெளியீடு இல்லையே, பங்குச்சந்தையில் பழைய பத்திரம் வாங்கலாமா? பின்னால் வந்த பத்திரங்களுக்கு 2.5% வட்டி வருமல்லவா?

வரும், ஆனால் நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல, வெளியீட்டு விலைக்கு. ஓர் உதாரணம்: 5,000 ரூபாய்க்கு வெளியான பத்திரத்தை நீங்கள் 12,000-க்கு வாங்குகிறீர்கள். கிராமுக்கு வருஷ வட்டி 125 ரூபாய். உங்கள் பணத்துக்கு அது 1.04%. அன்றைய தங்க விலையை விட அதிகம் கொடுத்து வாங்கினால் அந்தச் சிறு வட்டியும் அதிலேயே கரையும். இன்னொன்று: 2026 ஏப்ரல் முதல், வெளியீட்டிலேயே வாங்கி முதிர்வு வரை வைத்திருக்கும் தனிநபருக்குத்தான் அந்த மூலதன லாப வரிவிலக்கு. சந்தையில் வாங்குபவர் XIRR போடும்போது கடைசி வரியில் அந்த வரியையும் கழித்தே போட வேண்டும்.