வட்டம் போட்ட பகுதியை மட்டும் மொழிபெயர்ப்பது எப்படி?

கேள்வி: வாடகை ஒப்பந்தத்தைப் படம் பிடித்து, ஒரு இடத்தில் மட்டும் வட்டம் போட்டுக் கொடுத்தால், ஓரத்தில் எழுதியிருப்பதையும் முத்திரையையும் மொழிபெயர்க்க வேண்டுமா?

வேண்டாம். வட்டத்துக்குள் இருக்கும் செய்தியை மட்டும் தந்தால் போதும். ஓரக்குறிப்பும் முத்திரையும் பெரும்பாலும் ஒப்பந்தம் அச்சான பிறகு வேறு கைகள் சேர்த்தவை. கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் யாரோ எழுதிவைத்த பந்திக் கணக்கைப் போல. முகூர்த்த நேரம் கேட்பவரிடம் அந்தக் கணக்கைப் படித்துக் காட்டுவோமா?

ஆனால் பேனா வட்டம் வாக்கியம் முடியும் இடம் பார்த்து நிற்காது. மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் ஒரு வீட்டு ஒப்பந்தம், மலாய் மொழியில், என்று வைத்துக்கொள்வோம். வட்டத்துக்குள் ‘வாடகைதாரர் 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும்’ என்று வரி முடிகிறது. அடுத்த வரி வட்டத்துக்கு வெளியே: ‘அல்லது அதற்குப் பதிலாக 2 மாத வாடகை கட்ட வேண்டும்’. முதல் வரியோடு நிறுத்தினால், பணம் கட்டிவிட்டு உடனே காலி செய்யும் வழி இருப்பதே தெரியாமல் போகும். அதனால் வாக்கியம் முடியும்வரை மொழிபெயர்த்து, வெளியே இருந்த பகுதியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள். முத்திரை எழுத்துகளை மறைத்திருந்தால் ஊகிக்காமல் ‘படிக்க முடியவில்லை’ என்று எழுதுங்கள்.

ஓரக்குறிப்பை ஒதுக்குவது என்றால் பார்க்காமலே விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, 2 என்பதைப் பேனாவால் அடித்து 1 என்று திருத்தி, இரு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதியாகவே இருக்கக்கூடும், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.