0/0 வந்தால் விடை சுழியா?

“x → 3 எனும்போது (x² − 9)/(x² − 5x + 6) இன் எல்லை கேட்டார்கள். 3-ஐப் பிரதியிட்டால் 0/0 வருகிறது. விடை 0 என்று எழுதினேன், தவறா?”

தவறுதான். பகுதி சுழியாவதால் நேரடிப் பிரதியிடல் இங்கே செல்லாது என்பதையும், தொகுதியும் சுழியாவதால் (x − 3) இரண்டுக்கும் பொதுக் காரணியாக ஒளிந்திருக்கிறது என்பதையும் 0/0 ஒருசேரக் காட்டுகிறது. காரணிப்படுத்தினால் (x − 3)(x + 3)/((x − 3)(x − 2)) கிடைக்கும். x ஆனது 3-ஐ நெருங்குமே தவிர 3 ஆவதில்லை என்பதால் (x − 3)-ஐத் தயங்காமல் நீக்கலாம். எஞ்சிய (x + 3)/(x − 2) இல் 3-ஐ இட்டால் விடை 6. ஐயமிருந்தால் 3.01-ஐ இட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 5.95 வரும்.

இதே கோவையில் x → 2 எனில் −5/0 வரும். அது 0/0 போலத் தேறப்பெறாத வடிவமன்று. நீக்குவதற்குக் காரணியும் இல்லை, இருபுறமும் குறி மாறுவதால் எல்லையும் இல்லை.